“சகல விடயங்களுக்கும் நானே முழுப்பொறுப்பு” என்று எழுதிக் கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கம்பஸுக்குப் பிள்ளையை அனுப்பியிருப்பவர்கள், அனுப்பப் போகிறவர்கள், தங்கள் வீட்டில் மாணவர்களை வாடகைக்கு வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

வருடா வருடம் பல்கலைக்கழக அனுமதி வந்த கையோடு பெற்றோர் சிலர் என்னிடம் வருவார்கள். வாத்தியார்தானே, ஒரு கடிதம் எழுதித் தருவார் என்ற எண்ணம். வீட்டுக்காரர் கேட்ட கடிதம். என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: “எனது மகள் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் காலத்தில் ஏற்படும் சகல விடயங்களுக்கும் நானே முழுப்பொறுப்பு என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.” கீழே கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், முடிந்தால் ஜே.பி. ஒருவரின் முத்திரை. அவ்வளவுதான் கடிதம்.

அந்த வசனத்தை நான் எழுதிக் கொடுப்பதில்லை. அதனால் என்னைக் கோபித்தவர்களும் உண்டு. “நம்முட புள்ளைக்கு நாம பொறுப்பில்லாம வேற யாரு சேர் பொறுப்பு?” என்று கேட்பார்கள். பிள்ளைக்கு நீங்கள்தான் பொறுப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கேட்பது உங்கள் பாசத்துக்கான அத்தாட்சியை அல்ல. அவர் கேட்பது பிணை. பிணை என்பது காசுக்கான வாக்கு. காசுக்கான வாக்கில் எவ்வளவு, எதற்கு, எதுவரைக்கும் என்ற மூன்றும் இல்லையென்றால் அது வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

முதலில் ஒரு அடிப்படை விடயம். 1989ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து இலங்கையில் 18 வயது நிரம்பியவர் சட்டப்படி பராயமடைந்தவர். கம்பஸ் போகும் பிள்ளைக்கு எப்படியும் 20 வயதாகிவிடும். வீட்டை வாடகைக்கு எடுப்பது அந்தப் பிள்ளைதான், கடன்பட்டால் கடனாளியும் அந்தப் பிள்ளைதான். வாப்பா என்பதற்காக மட்டும் வாப்பாவின் மேல் அந்தக் கடன் விழாது. நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாள்தான் அதை உங்கள் தலையில் ஏற்றுகிறது. ஆகவே தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் சுமை.

இரண்டாவது விடயம் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். கடையில் தட்டச்சுச் செய்து, முத்திரை ஒட்டி, ஜே.பி.யிடம் கையொப்பம் வாங்கிய தாள் அதற்கு ஈடாகாது. அதே சட்டம் இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்பவரின் வாக்கைப் பற்றியும் சொல்கிறது. அது எழுத்தில் இருந்து, அவர் கையொப்பம் வைத்திருந்தால் போதும். நொத்தாரிசு தேவையில்லை, சாட்சிகூடத் தேவையில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். நொத்தாரிசு இல்லாத “ஒரு வருட ஒப்பந்தம்” வருடத்துக்கு நிற்காது. அது மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகத்தான் கருதப்படும். ஒரு மாத அறிவித்தல் கொடுத்து இரு தரப்பும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் கொப்பித் தாளில் நீங்கள் எழுதிக் கொடுத்த பொறுப்புக் கடிதம் ஒற்றைக் கையெழுத்திலேயே நிற்கும். வீட்டுக்காரரின் தாள் பலவீனமாக இருக்கும்போதும் உங்களுடைய தாள் பலமாக இருக்கிறது. “சும்மா ஒரு கடிதந்தானே” என்று சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவது விடயம், கடிதத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு சொற்றொடர்கள்.

நம் நாட்டில் பிணை சம்பந்தமான விடயங்களுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். அதில் பிணை நிற்பவருக்குப் பழைய காலம் தொட்டே சில பாதுகாப்புகள் உண்டு. கடன் கொடுத்தவர் முதலில் கடனாளியிடம் கேட்டு, அங்கே முடியாமல் போன பிறகுதான் பிணையாளியிடம் வர வேண்டும். பிணையாளிகள் பலர் இருந்தால் கடனைப் பங்கு பிரித்துக் கேட்கும்படி சொல்லும் உரிமையும் உண்டு. இவை நல்ல பாதுகாப்புகள். ஆனால் கையொப்பம் வைப்பவரே அவற்றை விட்டுக் கொடுக்கலாம். “முதற் கடனாளியாக நின்று பொறுப்பேற்கிறேன்” என்று எழுதினால் முதலாவது பாதுகாப்புப் போய்விடும். “கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு” என்று எழுதினால் இரண்டாவதும் போய்விடும். வங்கிக் கடன் படிவங்களில் இந்தச் சொற்களைப் பார்த்திருப்பீர்கள். யாரோ அதைப் பார்த்து வீட்டு வாடகைக் கடிதத்துக்கும் எழுதிவிட்டார்கள், இப்போது அது கை மாறிக் கை மாறி எல்லாக் கடிதத்திலும் வருகிறது. எழுதுபவருக்கும் விளங்காது, கையொப்பம் வைப்பவருக்கும் விளங்காது.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வந்தாறுமூலையில் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. நான்கு பிள்ளைகள் சேர்ந்து எடுக்கிறார்கள். ஒருவர் காத்தான்குடி, ஒருவர் மூதூர், ஒருவர் பொத்துவில், ஒருவர் மன்னார்ப் பக்கம். மாத வாடகை 24,000 ரூபா, ஆளுக்கு 6,000. இரண்டு மாத அட்வான்ஸ் 48,000, அதில் ஆளுக்கு 12,000. நான்கு வாப்பாமாரும் “கூட்டாகவும் தனித்தனியாகவும் சகல பொறுப்பும்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழாம் மாதம் முடிய இரண்டு பிள்ளைகள் விடுதியில் இடம் கிடைத்துப் போய்விடுகிறார்கள். மற்ற இருவரும் தங்கள் பங்கை ஒழுங்காகக் கட்டி மீதி ஐந்து மாதமும் இருக்கிறார்கள். போன இருவரின் பங்கு மாதம் 12,000 வீதம் ஐந்து மாதத்துக்கு 60,000 நிற்கிறது. கரண்ட் பில் பாக்கி 9,600. குசினி சிங் உடைந்திருக்கிறது, மாற்ற 8,000. மொத்தம் 77,600 ரூபா.

வீட்டுக்காரர் யாரிடம் போவார்? மன்னாருக்கா போவார்? பஸ் ஏறி அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் வரக்கூடிய காத்தான்குடி வாப்பாவிடம்தான் வருவார். அந்தக் கடிதப்படி 77,600 ரூபாவையும் அவர் ஒருவரிடமே கேட்கலாம். “என் மகள் கடைசி மாதம் வரைக்கும் கட்டினாளே” என்றால், “தனித்தனியாகவும் என்று நீங்கள்தானே கையொப்பம் வைத்தீர்கள்” என்பார். அட்வான்ஸ் எங்கே என்றால், அது பெயின்ட் அடிக்க என்பார். அட்வான்ஸைக் கழிப்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது அதே வாப்பா தெளிவாக ஒரு கடிதம் எழுதியிருந்தால்? மகளின் பங்கு வாடகை முழுதும் கட்டியாயிற்று. கரண்ட் பாக்கியில் நாலில் ஒன்று 2,400. சிங் யார் உடைத்ததென்று தெரியாது, நாலில் ஒன்று 2,000. ஆக மொத்தம் 4,400. மகளின் அட்வான்ஸ் பங்கு 12,000. கழித்தால் 7,600 ரூபா அவருக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு கடிதத்தில் 77,600 கட்ட வேண்டியவர், இன்னொரு கடிதத்தில் 7,600 வாங்க வேண்டியவர். வீடு அதேதான், பிள்ளையும் அதே பிள்ளைதான். எழுத்து மட்டும்தான் வேறு.

“அப்ப வீட்டுக்காரன் மட்டும் நட்டப்படுறதா?” என்று ஏறாவூரிலும் செங்கலடியிலும் வீடு வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரவோடு இரவாகச் சாமானைத் தூக்கிக்கொண்டு போன பொடியன்களையும் எனக்குத் தெரியும். மூன்று மாதக் கரண்ட் பில்லை வீட்டுக்காரர் தலையில் போட்டுவிட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மஹாபொலக் காசு பிந்தினால் வாடகையும் பிந்தும். வாடகையை நம்பி வங்கிக் கடன் எடுத்து வீடு கட்டிய விதவைத் தாய்மாரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிணை வேண்டும். பிணை கேட்பது பிழையே இல்லை.

ஆனால் வீட்டுக்காரரே, “சகல விடயங்களும்” என்ற கடிதம் உங்களுக்கும் உதவாது. பிணக்கு வந்தால் நீங்கள் உடனே நீதிமன்றம் போகப் போவதில்லை. இப்படிப்பட்ட தொகைகள் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். அங்கே இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு வாடகை, எப்போதிலிருந்து பாக்கி, வீடு கொடுக்கும்போது எந்த நிலையில் இருந்தது என்பதுதான். உங்கள் கையில் இருக்கும் கடிதத்தில் தொகையும் இல்லை, திகதியும் இல்லை, பொருட்களின் பட்டியலும் இல்லை. சிங் முதலே வெடித்திருந்தது என்று பிள்ளை சொன்னால் உங்களிடம் என்ன பதில்? எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்கும் கடிதத்தால் கடைசியில் எதையுமே பிடிக்க முடியாது. 18,000 ரூபா வரைக்கும் என்று தெளிவாக எழுதிய கடிதத்தைக் காட்டினால் 18,000 ரூபாவை மறுபேச்சில்லாமல் வாங்கலாம். உங்களுக்கு வருடம் முழுக்க உறுதி வேண்டுமென்றால் நொத்தாரிசிடம் போய் ஒழுங்காக உறுதி எழுதுங்கள். அந்தச் செலவையும் சிரமத்தையும் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தகப்பனின் கடிதத்தைப் பாவிக்காதீர்கள்.

இப்போது ஒரு தெளிவான கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இதை நகலெடுத்து, தொகைகளையும் திகதிகளையும் மாற்றிப் பாவிக்கலாம். மேலே சொன்ன கணக்குக்கே எழுதுகிறேன்.

— — —

திகதி: ……………

வீட்டுச் சொந்தக்காரர்: …………… (முழுப் பெயர், முகவரி)

வாடகைக்கு இருப்பவர்: எனது மகள் …………… (முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம்)

பிணையாளி: தகப்பனாகிய நான் …………… (முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி)

வீடு: …………… என்ற முகவரியிலுள்ள வீட்டில், வீதிப் பக்க அறை.

1. எனது மகள் மேற்படி வீட்டில் …… ஜனவரி 1 முதல் …… டிசம்பர் 31 வரை தங்குகிறார். அவரது பங்கு வாடகை மாதம் 6,000 ரூபா. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கு முன் செலுத்துவார்.

2. பின்வரும் மூன்றையும் அவர் செலுத்தத் தவறினால் நான் செலுத்துவேன்: (அ) அவரது பங்கு வாடகை, (ஆ) மின்சார, தண்ணீர்க் கட்டணங்களில் நான்கில் ஒரு பங்கு, (இ) அவரால் ஏற்பட்ட சேதத்தைத் திருத்தும் உண்மையான செலவு. யாரால் ஏற்பட்டதென்று தெரியாத சேதமாயின் அதில் நான்கில் ஒரு பங்கு.

3. எனது பொறுப்பு எல்லாமாகச் சேர்த்து 18,000 ரூபாவை மேற்படாது. அவர் கட்டிய அட்வான்ஸ் பங்கு 12,000 ரூபாவை முதலில் கழித்த பின்னர் மீதிக்கே இந்தப் பொறுப்பு.

4. மற்றைய வாடகையாளர்களின் பங்குக்கு நான் பொறுப்பல்ல. சாதாரண பாவனையால் வரும் தேய்மானம், வெள்ளம், காற்று, மின்னல் போன்றவற்றால் வரும் சேதம் ஆகியவற்றுக்கும் பொறுப்பல்ல.

5. ஏதேனும் கொடுப்பனவு பிந்தினால், பிந்திய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எனக்கு எழுத்திலோ மேற்படி இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பிலோ அறிவிக்க வேண்டும். முதலில் எனது மகளிடமும், பின்னர் என்னிடமும் கேட்க வேண்டும். அறிவித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நான் செலுத்துவேன்.

6. வாடகை கூடினாலோ, காலம் நீடிக்கப்பட்டாலோ எனது புதிய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அந்தக் கூடுதலுக்கு இந்தப் பிணை செல்லாது.

7. எனது மகள் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, பாக்கியின்றித் திறப்பை ஒப்படைத்தால் அன்றுடன் இந்தப் பிணை முடிவடையும். இந்தக் கடிதம் அப்போது என்னிடம் திருப்பித் தரப்படும்.

பிணையாளியின் கையொப்பம் ……………

மேற்கண்டவற்றை வாசித்து ஏற்றுக்கொண்டேன்: வீட்டுச் சொந்தக்காரரின் கையொப்பம் ……………

(இரண்டு பிரதிகள். ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று பிணையாளியிடம்.)

— — —

இதில் சில விடயங்களை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன்.

முதலாவது, உச்சத் தொகை. பதினெட்டாயிரம் என்பது மகளின் மூன்று மாத வாடகை. மூன்று மாதப் பாக்கி வரும் வரைக்கும் ஒரு வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. அதற்கிடையில் உங்களுக்குத் தகவல் வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஐந்தாவது பந்தி. பிணை நிற்பவருக்கு வரும் பெரிய ஆபத்து, பாக்கி சேர்வது தெரியாமல் இருப்பது. பிள்ளை வெட்கத்தில் வீட்டில் சொல்லாது. வீட்டுக்காரர் “பாவம், புள்ளைதானே” என்று விடுவார். எட்டாவது மாதம் எல்லாம் சேர்ந்து வாசலில் வந்து நிற்கும். பதினான்கு நாள் என்று எழுதிவிட்டால் 6,000 ரூபாவோடு முடியும் கதை 48,000 வரைக்கும் போகாது.

இரண்டாவது, கரண்ட் பில். வீட்டுக்காரரின் வீடும் மாணவர்களின் அறைகளும் ஒரே மீற்றரில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகுக்குக் கீழே ஒரு அட்டவணை, அதைத் தாண்டினால் வேறு அட்டவணை. பாவனை கூடக் கூட அலகின் விலையும் கூடும். இரண்டு குடும்பத்தின் பாவனை ஒரு மீற்றரில் ஓடும்போது எல்லோரும் மேல் விலைக்குள் போய்விடுவார்கள். ஐஸ்பெட்டியும் தண்ணி மோட்டரும் வீட்டுக்காரருடையது, பில்லில் பாதி பிள்ளைகளுடையது என்றால் அது நியாயமில்லை. ஒரு துணை மீற்றர் பூட்டுங்கள். அல்லது மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று முடிவாக எழுதுங்கள். “கரண்ட் பில் மாணவர்கள் கட்ட வேண்டும்” என்ற ஒற்றை வரிக்குப் பிணை நிற்காதீர்கள்.

மூன்றாவது, தேய்மானம். நம் பக்கத்து வீடுகளுக்கு இது முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். உப்புக்காற்றில் யன்னல் கம்பி துருப்பிடிக்கும், கதவுப் பிணைச்சல் இறுகும், குழாய் வாய் அரித்துப்போகும். அது பிள்ளையின் குற்றமல்ல. மாரியில் வெள்ளம் ஏறி வடிந்தால் சுவரில் இடுப்பளவுக்குக் கறை நிற்கும், பெயின்ட் உரியும். அதுவும் பிள்ளையின் குற்றமல்ல. ஆனால் யன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்தால் அது பிள்ளையின் கணக்குத்தான். இந்தப் பிரிவினையை எழுதாமல் விட்டால் வீடு விடும் நாளில் எல்லாம் “சேதம்” என்ற ஒரே பெயரில் வரும். அதோடு திறப்பு வாங்கும் அன்றே போனை எடுத்து ஒவ்வொரு அறையையும், சிங்கையும், மலசலகூடத்தையும், மீற்றர் இலக்கத்தையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய திகதியே உங்கள் சாட்சி.

நான்காவது, காலமும் கம்பஸ் மூடுவதும். 2020 மார்ச்சில் நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரேயடியாக மூடப்பட்டன. பிள்ளைகள் உடுத்த உடுப்போடு வீடு வந்தார்கள். அறையில் புத்தகமும் பாயும் கிடந்தன, கதவில் பூட்டுத் தொங்கியது. அந்த மாதங்களுக்கு வாடகை உண்டா இல்லையா? பாதியா? எந்தக் கடிதத்திலும் அதற்கு விடை இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். அதற்குப் பிறகும் வேலைநிறுத்தம், எரிபொருள் இல்லாத நாட்கள் என்று மூடத்தான் செய்தன. ஆகவே வாடகைப் பேச்சின்போதே கேட்டு ஒரு வரி எழுதுங்கள்: பல்கலைக்கழகம் ஒரு மாதத்துக்கு மேல் மூடப்பட்டு, பிள்ளை தங்காமல் சாமான் மட்டும் இருந்தால் பாதி வாடகை. இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் எந்தத் தொகையும் சரி. ஒத்துக்கொண்டது எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒரு விடயம். பெண் பிள்ளைகளுக்கான கடிதங்களில் “எனது மகளின் ஒழுக்கத்துக்கும் நடத்தைக்கும் நானே பொறுப்பு, மீறினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது” என்று எழுதுவிக்கிறார்கள். ஆண் பிள்ளைகளின் கடிதத்தில் இந்த வரியை நான் கண்டது குறைவு. ஒழுக்கம் பேணப்பட வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒழுக்கத்துக்கு 12,000 ரூபா விலை வைப்பது யார்? ஆய்வுகூட வேலை முடிந்து ஏழரை மணிக்கு வந்த பிள்ளை ஒழுக்கம் மீறியதா? வகுப்புத் தோழன் நோட்ஸ் கொடுக்க கேற்றடிக்கு வந்தால்? தீர்ப்புச் சொல்பவரும் வீட்டுக்காரர், அபராதம் எடுப்பவரும் வீட்டுக்காரர் என்றால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று இன்றே எழுதி வைக்கலாம். அதைவிடப் பெரிய பாதிப்பு, காசுக்காகச் சொல்லப்படும் அந்த “நடத்தை சரியில்லை” என்ற வார்த்தை ஊருக்கு வந்து சேரும்போது நடக்கும். வீட்டு விதிகள் இருக்கட்டும். கேற் பூட்டும் நேரம், விருந்தினர், சமையல், சத்தம் எல்லாவற்றையும் வேறொரு தாளில் எழுதி பிள்ளையிடம் கையொப்பம் வாங்குங்கள். மீறினால் ஒரு மாத அறிவித்தலோடு வீட்டை விடச் சொல்லுங்கள். ஆனால் அதைப் பிணைக் கடிதத்துக்குள் கொண்டு வராதீர்கள். பிணைக் கடிதம் காசுக் கணக்குக்கு மட்டும்.

இவ்வளவு தெளிவாக எழுதினால் வீடு கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வெளியூர்களில் நம் பிள்ளைகளுக்கு அறை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்ட பிறகு குரல் மாறும். அந்த நாட்களில் யாராவது கதவைத் திறந்தால் போதும் என்று எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் பயத்தில் எழுதிய “சகல பொறுப்பும்” நம்மை நம்பிக்கையானவர்களாகக் காட்டுவதில்லை. எழுத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் கையொப்பம் வைப்பவர்களாகத்தான் காட்டுகிறது. தொகை, திகதி, போன் நம்பர், 14 நாளில் கட்டுவேன் என்ற வாக்கு இவை உள்ள கடிதத்தை நீட்டும் பெற்றோரைத்தான் விவரமான வீட்டுக்காரர் விரும்புவார். இந்தப் பக்கம் வந்தாறுமூலைப் பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பவர்களும் நம்மவர்கள்தான், அந்தப் பக்கம் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் வீடு தேடுபவர்களும் நம்மவர்கள்தான். இங்கே நாம் எப்படிக் கடிதம் கேட்கிறோமோ, அப்படித்தான் அங்கே நம்மிடம் கேட்பதை எதிர்த்துப் பேச நமக்கு வாய் இருக்கும்.

“காக்காமார் தம்பிமார் என்று பழகுற இடத்தில எழுத்து எதுக்கு, தவக்குல் வைக்க வேண்டியதுதானே” என்பவர்களுக்கு ஒன்று. குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், பேசுவது தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும்தான். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற சம்பவத்தை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம். அதில் ஒரு விடயத்தைக் கவனித்தீர்களா? கடன் இருக்கிறதா என்று கேட்கப்பட்டபோது, மூன்று தீனார் என்று தொகை சொல்லப்பட்டது. அபூ கதாதா ஏற்றது அந்தத் தொகையைத்தான். தொகை தெரியாத பொறுப்பேற்பு பற்றி மத்ஹபுகளுக்குள் விரிவான பேச்சு உண்டு, அதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். பொறுப்பேற்பவர் எதைப் பொறுப்பேற்கிறார் என்று தெரிந்து ஏற்பது பக்குவம் என்று சொல்ல எனக்குப் பெரிய கிதாப் தேவையில்லை.

கடைசியாகச் சில வேலைகள். ஏற்கெனவே “சகல பொறுப்பும்” என்று எழுதிக் கொடுத்தவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டுக்காரரிடம் போய், இதைவிடத் தெளிவான கடிதம் தருகிறேன், பழையதைத் தாருங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தருவார்கள். தராவிட்டால் புதிய கடிதத்தில் “இதற்கு முன் நான் கொடுத்த கடிதத்துக்குப் பதிலாக இது வழங்கப்படுகிறது” என்று ஒரு வரி சேர்த்து, அவரது கையொப்பத்தையும் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் வைத்துக் கொடுத்தவர்கள் அதை இன்றே திரும்ப வாங்குங்கள், நாளை வரைக்கும் வைக்காதீர்கள். தொகை பெரிதாக இருந்தால், அல்லது முழு வீட்டையும் உங்கள் பெயரில் எடுக்கச் சொன்னால் இந்தப் பதிவை நம்பி இருக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நான் பாடம் படிப்பிக்கிறவன், வழக்குப் பேசுகிறவன் அல்ல.

மேலே உள்ள கடிதம் வேண்டுமென்றால் பிரதி எடுத்துப் பாவியுங்கள், தேவையானவர்களுக்கு அனுப்புங்கள். என்னிடம் எழுதக் கொண்டு வருபவர்களும் வாருங்கள், எழுதித் தருகிறேன். வரும்போது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை பேர், மீற்றர் தனியா சேர்த்தா, எந்தத் திகதி வரைக்கும் என்ற ஐந்துக்கும் பதில் கொண்டு வாருங்கள். பதில் இல்லாவிட்டால் முதலில் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.